திங்கட்கிழமை ஓட்டைகள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இங்கே எல்லோரும் சுகம். சுப்பு மட்டும் அதே சுப்புதான், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் பவுண்டரி ரிஜெக்‌ஷன். தினமும் 400 பம்ப் கேசிங் வார்க்கிறோம், சராசரியாக 24 கழிகிறது. காலை மீட்டிங்கில் முந்தின நாள் கணக்கை வைத்துத்தான் பேச்சு. 31 என்றால் அந்த ஷிப்ட் மோல்டர்களை நிற்க வைத்துத் திட்டுவார்கள். மறுநாள் 22 ஆகும், "பார்த்தீர்களா, கண்டித்தால் குறைகிறது" என்பார்கள். எனக்கு வயிறு எரியும். யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அது 22-க்கு வந்திருக்கும்!

அதைக் காட்டத்தான் கன்ட்ரோல் சார்ட் போட்டேன். புள்ளியியல்காரர் ஷூவார்ட் 1924-இல் வரைந்து காட்டிய அதே படம்தான். சராசரி 24; அதை நல்லது தேறும் விகிதமான 0.94-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் 4.75. அதில் மூன்று மடங்கு மேலே போனால் 38, கீழே வந்தால் 10. இதற்குள் ஏறி இறங்குவது அந்த வேலைமுறையின் இயல்பு. 31-க்குத் தனியாக ஒரு காரணம் தேடினால் இல்லாத காரணம்தான் கிடைக்கும். சும்மா இருந்த மணல் மிக்ஸரைத் திருகுவார்கள், மறுநாள் அது வேறு கோளாறைக் கிளப்பும்.

ஒரு மாதம், 25 வேலை நாள் குறித்தேன். ஒரு புள்ளியும் அந்த 38, 10 கோடுகளைத் தாண்டவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே, "அப்போ எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார். விடுவேனா நான்! அதே மாதத்தின் 600 கழிவுகளையும் குறைவாரியாகப் பிரித்து, பெரியதிலிருந்து சிறியதாகக் கம்பங்களாக அடுக்கும் பரேட்டோ போட்டேன். வாயு ஓட்டையான ப்ளோ ஹோல் 270, மணல் சேர்ந்தது 150, மோல்டு விலகல் 80, கோல்டு ஷட் 60, மீதி சில்லறை. உயரமான கம்பம் எது என்று அங்கே எல்லோருக்குமே தெரியும். ஆனால் பரேட்டோவில் தேதி கிடையாது. அந்த 270 தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா, சில நாளில் கொட்டியதா என்று அது சொல்லாது.

அதனால் ப்ளோ ஹோலை மட்டும் தனி கன்ட்ரோல் சார்ட்டாகப் போட்டேன். சராசரி கிட்டத்தட்ட 11, மேல் கோடு 20. நான்கு புள்ளிகள் கோட்டுக்கு மேலே, நான்கும் 24-ஐ ஒட்டி. நான்கும் திங்கட்கிழமை! மற்ற நாட்களில் எட்டுதான். மொத்த சார்ட்டில் அந்தத் திங்கள்கள் 37-இல் நின்று 38-க்குக் கீழே ஒளிந்திருந்தன. மற்ற குறைகளின் ஏற்ற இறக்கம் சேர்ந்ததில் கோடு அகலமாகி மறைத்துவிட்டது.

திங்கள் கழிவுகளை வெட்டிப் பார்த்தேன். ஓட்டைகள், உள்குழிவுக்காக வைக்கும் மணல் கோர் உட்காரும் பக்கத்தில், உள்சுவரை ஒட்டி, வழவழவென்று இருந்தன. வாயு அடைபட்ட தடம். எங்கள் கோர் சிலிகேட், சிஓ2 முறை. சனிக்கிழமை அடித்து அடுக்கியது ஞாயிறு முழுக்க ஷெட்டில் ஈரம் குடிக்கிறது. விரலால் தேய்த்தால் மணல் உதிர்ந்தது. இரும்பு ஊற்றியதும் அந்த ஈரம் ஆவியாகிக் கிளம்புகிறது. அடுத்த திங்கள் பாதி மோல்டில் சனிக்கிழமைக் கோர், பாதியில் அன்று காலை அடித்தது, சாக்பீஸ் குறியோடு. பழையதில் 14 ப்ளோ ஹோல், புதியதில் 4. அதற்கடுத்த திங்களும் கிட்டத்தட்ட அப்படியே.

இப்போது திங்கள் காலை கோர் ஷாப் முன்கூட்டியே தொடங்குகிறது. அந்த நான்கு புள்ளிகளின் காரணம் தெரிந்து நீக்கிவிட்டதால், அவற்றை எடுத்துவிட்டுக் கோட்டைத் திரும்பக் கணக்கிட்டேன்: சராசரி 8, மேல் கோடு 16. பழைய 20-ஐயே வைத்திருந்தால் அடுத்த கோளாறு வந்தாலும் கண்ணில் படாது.

மிச்சமிருக்கும் எட்டுதான் கவலை. அது தினமும் வரும் எட்டு, எந்த மோல்டரும் அதற்குப் பொறுப்பில்லை. வென்ட், மணலின் காற்றுப்போக்கு, ஊற்றும் சூடு எல்லாம் சேர்ந்த எட்டு. முறையையே மாற்றாமல் அது இறங்காது, அதற்குக் காசு வேண்டும். மீட்டிங்கில் இதைச் சொன்னேன். மோல்டர்களைக் கூப்பிட்டுத் திட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள், அதுவரை சரி. காசு மட்டும் இன்னும் வரவில்லை.

உங்கள் ஆலையில் கோர் காயவைக்கும் ஓவன் போட்டீர்கள் அல்லவா? எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள், கோர் ஓரம் உடைகிறதா என்று விவரமாக எழுது. முடிந்தால் போடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள தினசரிக் கணக்கை அனுப்பு. மாத மொத்தம் வேண்டாம், நாள்வாரியாக வேண்டும்.

அன்புடன்,
சேகர்