விருப்பப் பாடம்: முதலில் கிளிக் செய்தவருக்கே இடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை மாவட்டத்தில் ஒரு தன்னாட்சி பொறியியல் கல்லூரியில் டைம்டேபிள் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். செமஸ்டர் தொடங்கும் முன் நடக்கும் எலெக்டிவ் பதிவில் மாணவர்களும் பெற்றோரும் எங்களிடம் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: சர்வர் முடங்கிவிட்டது, பெரிய சர்வர் வாங்குங்கள். பல கல்லூரி நிர்வாகங்களும் அதையே தீர்வாக நினைக்கின்றன. கோளாறு சர்வரில் இல்லை, பதிவு நடக்கும் முறையில் இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

இப்போது பெரும்பாலான இடங்களில் நடப்பது தத்கால் டிக்கெட் மாதிரிதான். காலை 9 மணிக்குப் பக்கம் திறக்கும், முதலில் அழுத்தியவருக்கு இடம். மாணவர்கள் அதிகம் கேட்கும் பாடம் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். விடுதியில் நல்ல வைஃபை உள்ளவருக்குக் கிடைக்கும். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பவருக்குக் கிடைக்காது. அவர் அந்தப் பாடத்துக்குத் தகுதியானவரா, அது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று யாரும் பார்ப்பதில்லை. எவ்வளவு பெரிய சர்வர் வாங்கினாலும் இது மாறாது. 60 இடங்கள் இன்னும் வேகமாகத் தீரும், அவ்வளவுதான்.

மாற்று வழி நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. மாணவர் வீட்டிலிருந்தே கல்லூரிகளையும் பிரிவுகளையும் தன் விருப்ப வரிசையில் எழுதித் தருகிறார். கொடுத்த அவகாசத்துக்குள் எந்த நேரத்தில் எழுதினாலும் சரி. அவகாசம் முடிந்த பிறகு தரவரிசைப்படி ஒதுக்கீடு நடக்கிறது. மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் சமமானால் கடைசியில் சமவாய்ப்பு எண் தீர்மானிக்கிறது. இப்படிக் கல்லூரிக்குள் வந்த பிள்ளைகளை, மூன்றாம் ஆண்டில் எலெக்டிவுக்காக விரல் வேகத்தில் போட்டி போட வைக்கிறோம்.

விருப்ப வரிசை வாங்கினால் மட்டும் போதாது. அதை எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். 180 மாணவர்கள், ஒரே நேரத்தில் நடக்கும் மூன்று எலெக்டிவ்கள்: மின்வாகனம், ரோபோட்டிக்ஸ், புதுப்பிக்கத்தக்க ஆற்றல். ஒவ்வொன்றிலும் 60 இடம். முதல் விருப்பமாக மின்வாகனத்தை 110 பேர், ரோபோட்டிக்ஸை 45 பேர், ஆற்றலை 25 பேர் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பல துறைகள் செய்வது இது: முதலில் எல்லோருடைய முதல் விருப்பத்தையும் எடுத்து நிரப்புகிறார்கள், மீதமுள்ளவர்களுக்கு இரண்டாம் விருப்பம். கேட்க நியாயமாகத் தோன்றும். மின்வாகனத்தில் 60 பேர் போக 50 பேர் வெளியே நிற்கிறார்கள். அவர்களில் 40 பேர் இரண்டாவதாக ரோபோட்டிக்ஸ் எழுதியிருந்தால், அங்கே மீதமிருப்பது 15 இடம்தான். 25 பேர் மூன்றாம் விருப்பத்துக்குத் தள்ளப்படுவார்கள். இவர்களில் ஒருவர் மனதில் உள்ளதை மறைத்து ரோபோட்டிக்ஸை முதலில் எழுதியிருந்தால் அது அவருக்கு உறுதியாகக் கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டு சீனியர்கள் ஜூனியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். அப்புறம் கைக்கு வரும் பட்டியலில் விருப்பம் இருக்காது, ஊகம்தான் இருக்கும். அதை நம்பி அடுத்த ஆண்டு எந்தப் பாடத்துக்கு இன்னொரு பிரிவு தொடங்கலாம் என்று துறைத் தலைவர் முடிவெடுத்தால் அதுவும் தவறாகும்.

சரியான முறை, பாடம் பாடமாகப் பார்க்காமல் ஆள் ஆளாகப் பார்ப்பது. மாணவர்களுக்கு ஒரு வரிசை எண் இருக்கட்டும். முதல் எண்ணுக்குரியவரின் முழுப் பட்டியலையும் மேலிருந்து பார்த்து, இடமிருக்கும் முதல் பாடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். நூறாவது எண்ணுக்காரரின் முறை வரும்போது மின்வாகனம் நிரம்பியிருந்தால் அவருடைய இரண்டாம் விருப்பம் பார்க்கப்படும். மின்வாகனத்தை முதலில் எழுதியதற்காக அவர் எதையும் இழக்க மாட்டார். மனதில் உள்ளதை உள்ளபடி எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

வரிசை எண்ணை எப்படித் தருவது? சிஜிபிஏ-படி என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிஜிபிஏ குறைந்த மாணவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் மிச்சப் பாடத்தையே படித்துவிட்டு வெளியேற நேரிடும். பட்டம் பெறக் கிரெடிட் குறைகிற இறுதியாண்டு மாணவர்களுக்கு முன்னுரிமை தரலாம். மற்றவர்களுக்குச் சமவாய்ப்பு எண் போதும். ஒரே செமஸ்டரில் இரண்டு எலெக்டிவ் இருந்தால், இரண்டாவதற்கு அதே வரிசையைத் தலைகீழாக்கிவிடலாம். முதல் சுற்றில் 180-ஆவதாக நின்றவர் இரண்டாவதில் முதல் ஆள்.

அடுத்து, முன்நிபந்தனைப் பாடம். கட்டுப்பாட்டு அமைப்புகள் படித்தவர்தான் ரோபோட்டிக்ஸ் எடுக்கலாம் என்று விதி இருந்தால், மென்பொருள் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்? இங்கேதான் சிக்கல். ஒற்றைப்படை செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரில் நடக்கிறது. அடுத்த செமஸ்டர் எலெக்டிவ் பதிவு பெரும்பாலும் ரிசல்ட் வரும் முன்பே முடிகிறது. மறுமதிப்பீட்டு முடிவு அதற்கும் பிறகுதான். தேர்ச்சி பெற்றவருக்கே அனுமதி என்று மென்பொருளில் எழுதினால், போன செமஸ்டரில் அந்தப் பாடத்தைப் படித்த ஒருவரும் உள்ளே போக முடியாது. பதிவு நாளில் இது தெரியவந்ததும் சோதனையையே நிறுத்திவிடுவார்கள். பிறகு அந்தப் பாடத்தைத் தொட்டே பார்க்காதவரும் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்.

நடுவில் ஒரு நிலை வேண்டும். இப்போது படித்துக்கொண்டிருப்பவருக்கு நிபந்தனையுடன் இடம் கொடுத்து, ரிசல்ட் வந்த அன்று எல்லோரையும் மறுபடி சோதிக்க வேண்டும். தேறாதவரின் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். அரியர் வைத்தவரை வெளியே அனுப்பத்தான் வேண்டுமா என்பதைக் கல்விக் குழு முன்கூட்டியே தீர்மானித்து எழுதி வைக்க வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் அந்தக் கண்டிப்பு தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு அலகுகளை அடிப்படையிலிருந்தே நடத்தும் ஆசிரியரிடம் முன்நிபந்தனை வெறும் சம்பிரதாயம்தான். இன்னொன்று: இப்படி வகுப்பு தொடங்கிய பிறகு சேருபவருக்கு 75 சதவீத வருகைக் கணக்கு அவர் சேர்ந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். இதை எழுத்தில் தராத கல்லூரியில், செமஸ்டர் முடிவில் அந்த மாணவர் அலுவலகத்தில் மன்றாடி நிற்க வேண்டியிருக்கும்.

நேர மோதல்தான் வெளியே தெரியாமல் அதிகச் சேதம் செய்வது. டைம்டேபிளில் ஒவ்வொரு பாடத்தின் வார வகுப்பு நேரங்களுக்கும் ஸ்லாட் என்று ஓர் எழுத்து இருக்கும். பல மென்பொருள்கள் அந்த எழுத்தை மட்டும் ஒப்பிடுகின்றன. ஒரு பாடம் C ஸ்லாட், இன்னொன்று E ஸ்லாட், ஆகவே மோதல் இல்லை என்று பச்சை விளக்கு காட்டும். ஆனால் லேப் இந்த எழுத்துகளுக்குள் அடங்காது. ஒரு மெக்கானிக்கல் மாணவர் வேறு துறையின் எலெக்டிவ் ஒன்றை எடுக்கிறார். அதன் வகுப்புகள் திங்கள், புதன், வெள்ளி. செய்முறை மட்டும் வியாழன் பிற்பகல். அவருடைய துறையில் முதல் பேட்சுக்கு லேப் செவ்வாயன்று, இரண்டாம் பேட்சுக்கு வியாழன் பிற்பகல். முதல் பேட்ச் மாணவருக்கு இந்த எலெக்டிவ் சிக்கலில்லாமல் பொருந்தும், இரண்டாம் பேட்ச் மாணவருக்குப் பொருந்தவே பொருந்தாது. பேட்ச் விவரம் மென்பொருளில் இல்லாததால் இருவருக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. அரியருக்காகவோ வருகைக் குறைவுக்காகவோ ஜூனியர்களுடன் மறுபடி ஒரு பாடம் படிப்பவர்களுக்கும் இதே கதிதான்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் வருகைப் பதிவைப் பாடவாரியாகப் பார்க்காமல் நாள், மணி வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே பதிவெண் ஒரே மணியில் இரண்டு வகுப்புகளின் பட்டியலில் இருந்தால் அங்கே மோதல். மற்ற நாட்களில் தவறாமல் வருபவர் வியாழன் பிற்பகல் மட்டும் ஒன்றில் தொடர்ந்து வராமலிருப்பார். முன்கூட்டியே தடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு பாடத்துக்கும் அது நடக்கும் நாளையும் மணியையும் லேப் பேட்சோடு சேர்த்துப் பதிந்து, அதை வைத்து ஒப்பிட வேண்டும். பதிவு திறந்த பிறகு டைம்டேபிளில் கை வைக்கக் கூடாது. ஆசிரியர் வசதிக்காக ஒரு மணியை மாற்றியே ஆக வேண்டுமென்றால், அந்தப் பாடத்தில் உள்ள அத்தனை பேருக்கும் சோதனையை மறுபடி ஓட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

பாடம் மாற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. சில மென்பொருளில் மாற்று என்று அழுத்தியதும் பழைய இடம் முதலில் விடுவிக்கப்பட்டு, அதன் பிறகே புதிய பாடத்தில் இடம் தேடப்படுகிறது. அந்த இடைவெளியில் பழைய இடத்தை வேறொருவர் எடுத்துவிடுவார், புதியதிலும் இடமிருக்காது, இரண்டும் போய்விடும். புதிய இடம் உறுதியான பின்பே பழையதை விட வேண்டும். மென்பொருள் தருபவரிடம் இதை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கலாம்.

கல்லூரி முதல்வர்களிடம் நான் கேட்பது இரண்டு. பதிவுக்கு முன்பே இடங்களின் எண்ணிக்கை, முன்நிபந்தனை, வரிசை எண் தரும் முறை ஆகியவற்றை வெளியிடுங்கள். இடம் மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் திரையிலேயே சொல்லுங்கள்: இடம் நிரம்பியதா, முன்நிபந்தனை இல்லையா, எந்த நாள் எந்த மணியில் எந்தப் பாடத்தோடு மோதுகிறது. 'பதிவு தோல்வி' என்று ஒரு வரி காட்டினால் மாணவர் அடுத்து என்ன செய்ய முடியும்? இதற்கெல்லாம் புது மென்பொருள் வாங்க வேண்டும் என்றும் இல்லை. 180 பேர் உள்ள ஒரு துறைக்கு விருப்பப் பட்டியலை ஒரு படிவத்தில் வாங்கி, எக்செல் தாளில் வரிசை எண்படி அடுக்கினால், ஆசிரியர்கள் இருவர் உட்கார்ந்து ஒரே நாளில் ஒதுக்கீட்டை முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
டைம்டேபிள் பொறுப்பாசிரியர் ஒருவர்,
கோவை மாவட்டம்.