பத்து நாளும் ஒரு பெயரும்

அன்புள்ள ராஜா,

தாத்தாவின் காரியங்கள் நேற்று சுபத்தோடு முடிந்தன. எதற்குப் பதின்மூன்று நாள், மூன்று நாளில் சுருக்கிச் செய்ய முடியாதா என்று நீ போனில் கேட்டாய். அன்று வாத்தியார் எதிரில் உட்கார்ந்திருந்தார், பதில் சொல்ல முடியவில்லை. வருகிறவர்களுக்குச் சோறு போட இத்தனை நாள் என்றுதான் நானும் சின்ன வயதில் நினைத்திருந்தேன். இப்போது கர்த்தாவாக உட்கார்ந்து செய்தபிறகு வேறு மாதிரி தெரிகிறது.

இரண்டாம் நாள் சஞ்சயனம். பாலும் நீரும் தெளித்துச் சிதையைக் குளிரவைத்து, எலும்பைப் பொறுக்கி ஆற்றில் கரைத்தோம். பழைய உடம்பின் கணக்கு அதோடு தீர்ந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் புது உடம்புக்காக. உயிர் போனதும் தாத்தா பித்ருவாகிவிடுவதில்லை. உடம்பு இல்லாமல், பசியும் தாகமுமாக, பிரேதம் என்ற நிலையில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. நாளுக்கு ஒரு பிண்டமாக அந்த உடம்பை நாம் கட்டித் தருகிறோம். கருட புராணம் சொல்லும் வரிசை இது: முதல் நாள் தலை, இரண்டாம் நாள் கழுத்தும் தோளும், மூன்றாம் நாள் இதயம். அப்படியே முதுகு, தொப்புள், இடுப்பு, தொடை, முழங்கால், பாதம். பத்தாம் நாள் பசியும் தாகமும் வருகின்றன. உடம்பு முழுசானால்தானே பசிக்கும்! அன்று பட்சணங்களோடு பெரிய பலி போடுவது அதற்காகத்தான்.

இதற்காக ஆற்றங்கரையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று கல் ஊன்றி அவரை அதில் வரவழைக்கிறோம். அதற்குத்தான் தினமும் பிண்டமும் எள்ளுத் தண்ணீரும். திலோதகம் முதல் நாள் மூன்று, பிறகு நாளுக்கு ஒன்று கூடி, பத்தாம் நாள் பன்னிரண்டு. ஆக மொத்தம் எழுபத்தைந்து. தாகம் ஏற ஏறத் தண்ணீரும் ஏறுகிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

இதில் எனக்கு ஒரு தவறு நேர்ந்தது. அலைச்சலில் கல் ஊன்ற இடம் பார்க்காமல் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள்தான் ஊன்ற முடிந்தது. இரண்டு நாள் அவரைப் பட்டினி போட்டுவிட்டேனே என்று கலங்கிப்போனேன். விட்டதைச் சேர்த்துச் செய்ய வழி இருக்கிறது என்றார் வாத்தியார். அன்று மூன்று, நான்கு, ஐந்து எனப் பன்னிரண்டு திலோதகம் விட்டு, மூன்று நாள் பிண்டத்தையும் வைத்தேன். ஒன்பதாம் நாள் கல் ஊன்றி எல்லாவற்றையும் சேர்த்துச் செய்கிறவர்களும் உண்டு. ஆக நாளைச் சேர்க்கலாம், பிண்டத்தைக் குறைக்க முடியாது. உன் கேள்விக்கு என் பதில் இதுதான். எல்லா இந்துக் குடும்பங்களிலும் இதே கணக்கு என்று நினைத்துவிடாதே. பதினாறாம் நாள் கருமாதி செய்கிறவர்கள் நிறையப் பேர், அவர்கள் வழக்கம் வேறு.

உனக்கும் பத்து நாள் தீட்டு உண்டு. சேதி பத்து நாளுக்குள் வந்துவிட்டதால் மிச்சமிருந்த நாள் மட்டும்தான். பத்தாம் நாள் தலைக்குக் குளித்தேன் என்று நீ சொன்னது போதும். வர முடியவில்லையே என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

பதினோராம் நாள் ஏகோத்திஷ்டம், அவர் ஒருவருக்கு மட்டுமான சிராத்தம். பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணம். அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். தாத்தாவுக்கு நீளமாக ஒரு பிண்டம், அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா மூவருக்கும் உருண்டையாக மூன்று. நீளப் பிண்டத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வோர் உருண்டையோடு சேர்த்துப் பிசைய வேண்டும். பிசைந்தபின் எது அவர், எது அவருடைய அப்பா என்று பிரிக்க முடியாது. அந்த நொடியோடு பிரேதம் என்ற சொல் போய்விடுகிறது. அவர் பித்ரு. என் கைகள் நடுங்கின.

அதற்கு நான்கு தலைமுறைப் பெயர்கள் வேண்டும். என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் எனக்குத் தெரியவில்லை. தாத்தா தர்ப்பணக் குறிப்பு எழுதிவைத்த பழைய நோட்டில்தான் கிடைத்தது. அமாவாசைதோறும் அவர் மூன்றாவதாகச் சொல்லிவந்த பெயர் அது. இனி தர்ப்பணம் நான் செய்ய வேண்டும். என் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்றே தலைமுறை. உன் தாத்தா உள்ளே வந்ததால் அந்த மூத்தவர் வரிசையிலிருந்து நகர்ந்துவிட்டார். அவர் பெயரைக் கடைசியாகச் சொன்னது நான்தான், அந்தப் பிண்டத்தைப் பிசைந்தபோது.

நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். தாத்தா போன மாதத்தையும் திதியையும் அதன் அடியில் எழுதிவைத்திருக்கிறேன். வருஷத் திதி அதன்படிதான் வரும். ஆங்கிலத் தேதியைக் குறித்துவைத்தால் நாள் தவறிவிடும்.

அன்புடன்,
அப்பா