ஏடு ஓரத்துக்குப் போவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பாலில் கிரீம் பிரிக்கும் மெஷினைப் பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. வேகமாகச் சுற்றும்போது கெட்டியான ஏடு ஓரத்துக்கு வீசப்படுகிறது என்று எழுதி, படத்திலும் அம்புக்குறியை வெளிப்பக்கம் போட்டிருக்கிறீர்கள். அது தலைகீழ். இங்கே பகோவில் மூன்று தலைமுறையாக மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பம் எங்களுடையது, தாத்தா காலத்துக் கைமெஷின் ஒன்று இன்றும் ஓடுகிறது, கரண்ட் போனாலும் கவலையில்லை. அதனால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஏடு கெட்டியாக இருப்பதால் கனமானது என்று நினைக்கிறோம். ஒரு லிட்டர் ஆடையெடுத்த பால் 1,035 கிராம் அளவில் இருக்கும், அதே ஒரு லிட்டர் பால்கொழுப்பு 930 கிராம்தான். பானையில் வைத்தால் ஏடு மேலே வருவதே அதனால்தான். மெஷின் செய்வதும் இதே வேலைதான், பூமியின் இழுப்புக்குப் பதிலாகச் சுழற்சி. சுற்றும் கிண்ணத்துக்குள் எல்லாமே ஓரத்துக்குப் போகப் பார்க்கும், ஆனால் கனமானது அதிக பலத்தோடு போய்ச் சுவரோரம் இடம்பிடித்துக்கொள்ளும், லேசான கொழுப்பு அதனால் நெருக்கப்பட்டு நடு அச்சுப் பக்கம் வந்து சேரும். தண்ணீரில் அமுக்கிய தக்கை மேலே வருகிறதே, அது மாதிரி. இங்கே 'மேலே' என்பது நடுப்பக்கம், அவ்வளவுதான்.

சரி, தானாகவே மேலே வருவதை ஏன் சுற்ற வேண்டும்? கொழுப்பு பாலில் மிகச் சின்னத் துளிகளாக இருக்கிறது, ஒரு துளி சராசரியாக மூன்று, நான்கு மைக்ரான். மூன்று மைக்ரான் துளி ஒன்று தனியாக ஏறினால் ஒரு மணி நேரத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் நகரும். பசும்பாலில் துளிகள் ஒன்றோடொன்று கொத்தாகச் சேர்ந்து ஏறுவதால் ஒரு ராத்திரியில் ஏடு படிகிறது, இருந்தாலும் நிறையக் கொழுப்பு அடியிலேயே தங்கிவிடும். கிண்ணம் நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுற்றினால், அச்சிலிருந்து நாலு செண்டிமீட்டர் தூரத்தில் விசை பூமியின் இழுப்பைப்போல் சுமார் 2,800 மடங்கு. மணிக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்த துளி இப்போது விநாடிக்கு அரை மில்லிமீட்டர் நகரும். கிண்ணத்துக்குள் கூம்புத் தட்டுகளை அடுக்கியிருப்பதும் இதற்காகத்தான், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் மாதிரிதான் இடைவெளி, துளி அதைக் கடந்து கீழ்த்தட்டின் முதுகைத் தொட்டுவிட்டால் போதும், அப்புறம் அதன் மேலேயே வழுக்கி நடுவுக்கு வந்து கிரீம் குழாயில் இறங்கும்.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு வாரமாக வெண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. மாட்டுத் தீவனத்தைச் சந்தேகப்பட்டோம். அப்புறம் ஆடையெடுத்த பாலைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ராத்திரி வைத்துப் பார்த்தேன், காலையில் மேலே மஞ்சளாக ஒரு கோடு. கொழுப்பு அந்தப் பாலோடுதான் போயிருக்கிறது. 20 லிட்டர் பாலில் ஏறக்குறைய 800 கிராம் கொழுப்பு இருக்கும், ஒழுங்காக ஓட்டினால் ஆடையெடுத்த பாலோடு போவது இருபது கிராமைத் தாண்டக் கூடாது.

காரணம் இரண்டு. புதிதாக வந்த பையன் கைப்பிடியை நிமிடத்துக்கு 45 தடவைதான் சுற்றியிருக்கிறான், 60 வேண்டும். முக்கால் வேகம்தானே என்று விட முடியாது, விசை வேகத்தின் வர்க்கத்தோடு குறையும், பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். பாலோ எப்போதும்போல் அதே அளவில் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும், துளி இடைவெளியைக் கடக்குமுன் வெளியே தள்ளப்பட்டுவிடும். இரண்டாவது, முந்தின நாள் மாலைப் பாலைச் சூடாக்காமல் ஊற்றியிருக்கிறான். 20 டிகிரியில் இருக்கும் பாலை 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதன் பிசுப்பு ஏறக்குறைய பாதியாகும், கொழுப்பும் பாலைவிட அதிகமாக விரிந்து இன்னும் லேசாகும். கறந்த சூட்டிலேயே ஊற்ற வேண்டும் என்று தாத்தா சொன்னது இதற்குத்தான்.

வேகத்தைக் கண்டுபிடிக்க எங்கள் மெஷினின் கைப்பிடியில் ஒரு சின்ன மணி உண்டு. மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் அடிக்கும், வேகம் சரியானதும் நின்றுவிடும். பழுதாகிவிட்டதென்று பையன் நினைத்துக்கொண்டு, அடிக்கிற வேகத்திலேயே சுற்றியிருக்கிறான்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். கைப்பிடி கால் மீட்டர் நீளம், விநாடிக்கு ஒரு சுற்று என்றால் மணியின் நாக்கை வெளிப்பக்கம் தள்ளும் விசை கிட்டத்தட்ட அதன் எடைக்குச் சமம், அதனால் உச்சிக்கு வரும்போதும் அது கீழே விழுவதில்லை.

அடுத்த இதழில் திருத்தம் போடும்போது படத்தின் அம்புக்குறியையும் திருப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
பால்கார வாசகர் ஒருவர்,
பகோ, மியன்மார்.