சிவப்பில் பெயர் வந்தால் சந்தா பாக்கியா? ஆலய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கு வணக்கம்.

ஆடித் திருவிழா வேலைகளுக்கு நடுவே தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். போன வாரம் நம் வாட்சாப் குழுவில் செயலாளர் போட்ட அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். "சிவப்பில் தெரியும் பெயர்கள் சந்தா கட்டாதவர்கள், கவனிக்கவும்" என்ற அறிவிப்பு. அதைத் திரும்பப் பெற வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை உங்களுக்குத் தெரியும். 31 வருடம் ரப்பர் பால் வெட்டியவர். இந்த வருடச் சந்தா 60 வெள்ளியை ஜனவரியிலேயே கட்டி, ரசீதை பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறார். சிரம்பானில் வேலை பார்க்கும் அவர் மகனும் குழுவில் இருக்கிறான். அவன் கைப்பேசியில் அம்மா பெயர் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. "ஏம்மா, ஊரே பார்க்கிற மாதிரி மானத்தை வாங்கிட்டியே" என்று போனில் கத்தியிருக்கிறான். அக்கா தன் போனில் தன் பெயரைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. பெயரையே எடுத்துவிட்டார்கள் என்று பயந்து, மறுநாள் காலையில் இன்னொரு 60 வெள்ளியை மடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருக்கிறார். பொருளாளரும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அக்கா பெயர் எங்கேயும் போகவில்லை. வாட்சாப்பில் நாம் அனுப்பும் செய்தி நம் திரையில் பெயரில்லாமல்தான் வலப்பக்கம் நிற்கும். பெயரும் அதன் நிறமும் அடுத்தவர் அனுப்பியதற்கு மேல் மட்டும்தான் வரும். ஆக, தன் பெயர் என்ன நிறம் என்று யாருமே தன் போனில் பார்க்க முடியாது. யாராலும் பார்க்க முடியாத ஒன்றைப் பார்த்துத் திருந்தச் சொல்லியிருக்கிறீர்கள்!

சந்தேகம் தீர, ஒட்டுக்கடையில் மூன்று பேர் போனையும் மேசையில் வரிசையாக வைத்து, அக்கா அனுப்பிய ஒரே செய்தியைத் திறந்தோம். என் போனில் அவர் பெயர் பச்சை. நண்பர் போனில் ஆரஞ்சு. தே தாரிக் ஆற்றும் தம்பியின் போனில் ஊதா. சிரம்பானில் மட்டும் சிவப்பு. ஒருவர் பெயருக்கு ஊர் முழுக்க ஒரே நிறம் என்று எதுவும் இல்லை. அந்தந்தப் போனில் செயலி தானாகக் கொடுத்துக்கொள்வது அது. கூட்டமாகப் பேசும்போது யார் சொன்னது என்று சட்டென்று பிரித்துப் பார்க்கத்தான் அந்த நிறம். நம் குழுவில் 212 பேர். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகிற நிறம் 212 எங்கே இருக்கிறது? ஒரே நிறம் பலருக்கு வரத்தான் செய்யும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, என் போனில் செயலாளர் பெயர்தான் நல்ல சிவப்பு.

"அட்மின் மாற்றிவிடுவார்" என்று யாரோ சொன்னார்களாம். அட்மினால் முடியாது, யாராலும் முடியாது. அமைப்புகளுக்குள் எவ்வளவு தேடினாலும் பெயரின் நிறத்தை மாற்ற ஒரு பொத்தான்கூட இல்லை. 2025-இல் வந்த உரையாடல் தீம் பின்னணியையும் செய்திக் கட்டத்தின் நிறத்தையும்தான் மாற்றும், அதுவும் மாற்றியவர் திரையில் மட்டும். டெலிகிராம் கதை வேறு. அங்கே ஏழு அடிப்படை நிறங்கள். ஒருவருடைய கணக்கு எண்ணை ஏழால் வகுத்தால் வரும் மீதி எதுவோ அதற்குரிய நிறம், எண் 100 என்றால் மீதி 2. எண் மாறாததால் நிறமும் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரியும். வேறு நிறம் வேண்டுமென்றால் காசு கட்டி பிரீமியம் எடுக்க வேண்டும். அங்கேகூட, சந்தா பாக்கிக்கும் நிறத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

லயத்தில் இருந்த காலத்தில் பெயர் கூப்பிட்டுத்தான் கணக்குச் சொன்னார்கள், தவறு இருந்தால் அங்கேயே கேட்க முடிந்தது. இப்போது நிறத்தைக் காட்டி ஆளைக் குறிக்கிறோம். அடுத்து அன்னதானப் பந்தியிலும் நிறம் பார்த்துத்தான் உட்கார வைப்பீர்களோ என்னவோ. சரி, அதை விடுகிறேன். கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.

கேட்பது இதுதான். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்று, நிறத்துக்கும் சந்தாவுக்கும் சம்பந்தமில்லை என்று அதே குழுவில் செயலாளரே எழுத வேண்டும். பாக்கி வைத்தவர்கள் யாராவது இருந்தால், ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து அவரவருக்குத் தனியாகச் சொல்லுங்கள். அக்காவிடம் இரண்டாவது முறை வாங்கிய 60 வெள்ளியைத் திருவிழாவுக்கு முன் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அவர் வந்து கேட்க மாட்டார்.

இப்படிக்கு,
சந்தா கட்டிய உறுப்பினர் ஒருவர்
(உங்கள் போனில் என்ன நிறமோ, தெரியவில்லை)