தொப்பூர் இறக்கத்தில் கவிழ்ந்த லாரியின் ஓட்டுநர் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஆறு வரியில் ஒரு செய்தி வந்தது. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி அதிவேகமாக வந்த லாரி தொப்பூர் கணவாய் வளைவில் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது, மக்காச்சோள மூட்டைகள் சாலையில் சிதறின, ஓட்டுநர் காயத்துடன் உயிர் தப்பினார் என்று போட்டிருந்தீர்கள். அந்த ஓட்டுநர் நான்தான். செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. நான் கொடுத்த வாக்குமூலத்தில் இருந்ததைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வாக்குமூலம் வண்டி கவிழ்ந்த கடைசிப் பத்து விநாடியைத்தான் சொல்கிறது. மீதியை எழுதத்தான் இந்தக் கடிதம்.

வாக்குமூலம் எடுத்தது விடியற்காலை நான்கு மணிக்கு, மருத்துவமனையில், நெற்றியில் தையல் போட்டு முடித்த கையோடு. எழுத வந்த ஏட்டு நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். “என்னப்பா, வளைவுல வேகமா வந்துட்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “கன்ட்ரோல் போயிடுச்சா?” ஆமாம் என்றேன். அவ்வளவுதான். “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்ற வரி காகிதத்தில் ஏறிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதா 281-ஆவது பிரிவில் வழக்கு. கேட்ட கேள்விக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் ஏன் வேகம் வந்தது, அந்த வேகத்துக்கு வண்டி ஏன் சாய்ந்தது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. தலை கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

லோடு ஏற்றியது கர்நாடகத்தில் தாவணகெரே பக்கம் ஒரு மண்டியில். நாமக்கல் கோழித் தீவனத்துக்கு அங்கிருந்து மக்காச்சோளம் வருவது வழக்கம்தான். பத்துச் சக்கர டாரஸ் வண்டி, 60 கிலோ மூட்டை 320, அதாவது 19 டன்னுக்குச் சற்று மேல். எடைமேடையில் வண்டியோடு சேர்த்து 28 டன் 300 கிலோ வந்தது. அந்த வண்டிக்கு அனுமதி 28½ டன் என்பதால் ஓவர்லோடு இல்லை. எடைச்சீட்டு இன்னும் என் பையில் இருக்கிறது.

ஆனால் எடைமேடை எடையை மட்டும்தான் காட்டும். மூட்டை எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. அன்று வந்தவை பிளாஸ்டிக் சாக்குகள். சணல் சாக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். அதனால் ஒரு வரிசையை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்காகவும், செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றிப் போட்டுக் கட்ட வேண்டும். அன்று இரண்டு லோடுமேன்கள் வரவில்லை. இருந்தவர்கள் பாடிக்கு மேலே நான்கு வரிசையை ஒரே வாக்கில் அடுக்கித் தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றை இழுத்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிரித்து அடுக்கச் சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும், பெங்களூரைத் தாண்டுவது தள்ளிப்போகும். சொல்லவில்லை. அது என் தவறு.

ஓசூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். இடது பக்கம் பின்டயருக்கும் பாடிக்கும் நடுவில் இருந்த இடைவெளி வலது பக்கத்தைவிட நான்கு விரல் குறைவு. லோடு இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். பழைய டிரைவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையை விட்டு இந்த இடைவெளியைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். கயிற்றை மட்டும் இன்னும் இறுக்கிவிட்டுக் கிளம்பினேன். நாமக்கல் இன்னும் நான்கு மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

அப்புறம் தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்கு அது நீண்ட இறக்கம். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்று எனக்கு வண்டி பழக்கியவர் சொன்னது இந்த இறக்கத்துக்குத்தான் பொருந்தும். லோடு வண்டிக்கு அங்கே மூன்றாவது கியர், கூடவே எக்ஸாஸ்ட் பிரேக். இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வரும், கால் பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும். இறக்கம் தொடங்கும் இடத்தில் நான் ஐந்தாவது கியரில் இருந்தேன். முந்தின நாள் காலையிலிருந்து மண்டியில் காத்திருந்ததில் தூக்கம் கிடையாது, இறக்கம் வந்துவிட்டது என்பதே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வேகம் ஏறிய பிறகு கியரைக் குறைக்கப் பார்த்தேன். ஐந்திலிருந்து கழன்றது, நான்கில் விழவில்லை. ஓடுகிற வேகத்துக்கும் கியருக்கும் பொருந்தாவிட்டால் விழாது, கறகறவென்று கடிக்கும். வண்டி நியூட்ரலில் ஓடத் தொடங்கிவிட்டது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்கள் உண்டு, நான் அந்த வழக்கம் உள்ளவன் இல்லை. ஆனால் விளைவு அதேதான். நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக்கால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அது இஞ்சினைத்தான் அடக்கும், இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிட்டது.

மீதி இருந்தது கால் பிரேக் மட்டும். 28 டன்னை அந்த இறக்கத்தில் கால் பிரேக் ஒன்றே தாங்கினால் டிரம்மும் லைனிங்கும் சூடேறும். சூடேறிய டிரம் விரியும், லைனிங்கின் பிடி குறையும். பெடலை மிதிக்கிறோம், மிதி இறங்குகிறது, வண்டி நிற்கவில்லை. முதலில் கருகிய வாடை வந்தது. பயத்தில் விட்டு விட்டு மிதித்தேன். ஏர் பிரேக்கில் ஒவ்வொரு மிதிக்கும் காற்று செலவாகும், இஞ்சின் ஐடிலில் இருக்கும்போது கம்ப்ரஸர் அந்த வேகத்தில் நிரப்பாது. 8-ல் இருந்த காற்று முள் 5-க்குக் கீழே வந்து எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. அப்போது வலப்பக்கம் திரும்பும் வளைவு வந்துவிட்டது.

என் மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை வேகத்தோடு எப்படி ஏறுகிறது என்று பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அதே வளைவில் 40-க்குப் பதில் 50-ல் போனால் தள்ளும் விசை ஒன்றரை மடங்குக்கும் மேல், 60-ல் போனால் இரண்டேகால் மடங்கு. வேக முள் அப்போது 60-ஐ ஒட்டி நின்றது. மூட்டைகள் தாழ்வாக, ஒட்டினாற்போல் இருந்திருந்தால் வண்டி ஒருவேளை தாங்கியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல மாட்டேன். லோடு உயரமாக இருந்தது, ஏற்கெனவே இடது பக்கம் சாய்ந்திருந்தது, வளைவிலும் இடது பக்கமே தள்ளு. மேல் வரிசை வழுக்கியது எனக்குக் கேட்டது. வலது பின்சக்கரங்கள் தரையை விட்டுத் தூக்கின. அதன் பிறகு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் பிடித்தாலும் பயனில்லை. இடப்பக்கம் சரிந்து, தடுப்புக் கம்பியை இழுத்துக்கொண்டே போய் நின்றது.

கேபினிலிருந்து வெளியே வந்ததும் மூட்டையை நான் பார்க்கவில்லை, பின்னால் வரும் வண்டிகளைத்தான் பார்த்தேன். 2024 ஜனவரியில் இதே தொப்பூரில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தீப்பிடித்து 4 பேர் இறந்தது எங்கள் எல்லார் மனதிலும் இருக்கிறது. முக்கோணப் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளீனர் தம்பி மேட்டைப் பார்த்து ஓடினான். வளைவுக்கு முன்னாலேயே தெரிகிற மாதிரி வைத்து, செல்போன் விளக்கை ஆட்டிக்கொண்டு நின்றான். அவனால்தான் அன்று வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செய்தியில் அவன் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் மதியம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். கிரேன் வைத்து நிமிர்த்திய வண்டியில் காற்றேற்றிப் பிரேக்கைப் பார்த்தார்கள். நன்றாகப் பிடித்தது. “இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை” என்று சான்று எழுதினார். அதுவும் உண்மைதான், எதுவும் உடைந்து போகவில்லை. ஆனால் சூட்டில் போன பிடி, ஆறியதும் திரும்பிவிடும். பத்து மணி நேரம் கழித்துப் பார்க்கிறவருக்குப் பிரேக் நல்ல பிரேக்காகத்தான் தெரியும். மூட்டைகளும் அப்படித்தான், சிதறிய பிறகு எப்படி அடுக்கியிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியபோதுதான் அடையாளம் வெளியே வந்தது. பின்பக்க டிரம்களின் உள்ளே நீலம் பாரித்த திட்டுகள், மயிரிழை போல வெடிப்புகள். லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. இடது பின்சக்கரத்தில் லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருந்தது, அதாவது அந்தச் சக்கரம் தன் பங்கைச் செய்யாமல் மற்றவை அதிகம் சுமந்து சீக்கிரம் சூடேறியிருக்கின்றன. கிளம்பும் முன் அதை இறுக்கிப் பார்க்க வேண்டியது யார் பொறுப்பு என்று எனக்கும் உரிமையாளருக்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பார்க்காமல் எடுத்தவன் நான் என்பதை மறுக்கவில்லை.

காப்பீட்டு சர்வேயரிடம் இது முழுவதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை, மேலே எழுதியதில் பாதி எனக்கே எதிரானது. ஆனால் “அதிவேகம்” என்ற ஒரு சொல்லோடு கோப்பை மூடினால், அதே மண்டியில் நாளைக்கும் அதே பிளாஸ்டிக் சாக்கை ஒரே வாக்கில்தான் அடுக்குவார்கள்.

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வளைவில் லாரி கவிழ்ந்தால் ஓட்டுநரிடம் எந்த கியரில் இறங்கினாய், காற்று முள் எங்கே நின்றது, லோடு எங்கே ஏற்றியது, கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேளுங்கள். வண்டியை நிமிர்த்தும் முன்பே டிரம்மின் அருகே போய் முகர்ந்து பாருங்கள், சூடாக இருக்கும், தொட வேண்டாம். பட்டறையில் எடுத்த டிரம் படங்கள் ஆறு என் செல்போனில் இருக்கின்றன. அச்சிட விரும்பினால் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் ஒருவர்
நாமக்கல் மாவட்டம்