சிமெண்டுக்கு எத்தனை கட்டம், மெத்தைக்கு எத்தனை கட்டம்?

பினாங்கில் சனிக்கிழமைதோறும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு இலவசமாக இயற்பியல் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பட்டர்வொர்த் பக்கம் படிவம் ஆறில் பாடம் எடுக்கிறேன். உங்களிடம் படித்த பிள்ளைகள் சிலர் எஸ்.பி.எம். முடித்து என்னிடம் வருகிறார்கள், கையில் உங்கள் பயிற்றியோடு. நல்ல பயிற்றிதான். கணத்தாக்குப் பக்கத்தைப் பற்றி மட்டும், அதாவது பாடப்புத்தகத்தில் இம்புல்ஸ் என்று வருமே அந்தப் பகுதியைப் பற்றி மட்டும், வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கிறது. இதே படத்தை வேறு பயிற்றிகளிலும் பார்த்துவிட்டேன். அதனால்தான் தனிக்கடிதமாக அனுப்பவில்லை.

அந்தப் பக்கத்தில் இரண்டு விசை–நேர வரைபடங்கள் இருக்கின்றன. சிமெண்டுத் தரையில் குதித்தவனுக்கு ஒன்று, மெத்தையில் குதித்தவனுக்கு ஒன்று. சிமெண்டுக்கு ஒல்லியாக உயர்ந்த மேடு, மெத்தைக்குத் தாழ்ந்து அகன்ற மேடு. இதுவரை சரி. ஆனால் சிமெண்டு மேட்டின் பரப்பு மெத்தை மேட்டைப்போல இரண்டு மடங்காவது இருக்கும். அதைப் பார்க்கும் பிள்ளை, சிமெண்டில் விழுந்தால் கணத்தாக்கே அதிகம் என்று எடுத்துக்கொள்கிறது. கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். படம் அப்படித்தானே சொல்கிறது.

கணக்கை எண்களோடு பார்ப்போம். 50 கிலோ பொருண்மையுள்ள மாணவன் 0.8 மீட்டர் உயர மேசையிலிருந்து குதிக்கிறான். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 4 மீட்டர். உந்தம் 50 × 4, அதாவது 200. அவன் துள்ளாமல் அப்படியே நின்றுவிட்டால், எதில் குதித்தாலும் இழக்க வேண்டிய உந்தம் இந்த 200தான். இந்த உந்த மாற்றம்தான் கணத்தாக்கு, வரைபடத்தின் பரப்பு காட்டுவதும் அதைத்தான். ஆகவே நிகர விசை வரைபடத்தின் பரப்பு இரண்டுக்கும் 200 நியூட்டன்-விநாடியாக இருந்தே தீர வேண்டும்.

இப்போது கட்டத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டத்தில் ஒரு கட்டம் 0.05 விநாடி, செங்குத்தில் ஒரு கட்டம் 500 நியூட்டன். ஒரு கட்டத்தின் பரப்பு 25 நியூட்டன்-விநாடி. 200க்கு எட்டுக் கட்டம் வேண்டும். சிமெண்டில் 0.1 விநாடியில் நிற்கிறான் என்று கொண்டால் அடி 2 கட்டம். முக்கோணத்தின் பரப்பு அடியில் பாதியை உயரத்தால் பெருக்கியது, எனவே உயரம் 8 கட்டம், 4000 நியூட்டன். மெத்தையில் மெத்தையும் அமுங்கி முழங்காலும் மடங்கி 0.4 விநாடியில் நிற்கிறான். அடி 8 கட்டம், உயரம் 2 கட்டம், வெறும் 1000 நியூட்டன். இரண்டு முக்கோணத்துக்கும் எட்டெட்டுக் கட்டம். பிள்ளைகள் விரல் வைத்து எண்ணிப் பார்க்கலாம். முக்கோணத்தின் உச்சியை இடமோ வலமோ தள்ளி வைத்தாலும் அடியும் உயரமும் மாறாதவரை எட்டு எட்டுதான். இதையும் ஒருமுறை வரைந்து காட்டினால், உச்சி நடுவில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் போய்விடும்.

விசை மாறாமல் இருந்தால் விசையை நேரத்தால் பெருக்கினால் போதும். வரைபடத்தில் அது ஒரு செவ்வகம். விசை மாறும்போது நேரத்தை மெல்லிய பட்டைகளாக நறுக்கி, ஒவ்வொரு பட்டையையும் சின்னச் செவ்வகமாக நினைத்துக் கூட்டுகிறோம். பரப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த இரண்டு வரி போதும். உங்கள் பக்கத்தில் அந்த இரண்டு வரி இல்லை, சூத்திரம் மட்டும் பெட்டிக்குள் இருக்கிறது. விளைவு, பிள்ளைகள் உச்ச விசையை எடுத்து நேரத்தால் பெருக்கிவிடுகிறார்கள். சிமெண்டுக்கு 4000 × 0.1 = 400 என்று வரும். அதை 50ஆல் வகுத்தால் அவன் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்து விழுந்திருக்க வேண்டும். அந்த வேகத்துக்கு 3.2 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு மாடி. கேள்வியில் இருப்பதோ மேசை. விடையை உயரமாக மாற்றிப் பார்க்கும் இந்த ஒரு பழக்கம் இருந்தால் பாதி தவறுகளை அவர்களே பிடித்துவிடுவார்கள். நேர அச்சு மில்லிவிநாடியில் இருப்பதைக் கவனிக்காமல் 100 என்று போட்டுப் பெருக்குபவர்களும் இதிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமானது. வலிந்து குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் செங்குத்து அச்சில் “விசை” என்று மட்டும் இருக்கிறது. யார் கொடுக்கும் விசை? தரை கால்மீது கொடுக்கும் விசையா, எடையைக் கழித்த நிகர விசையா? நான் மேலே போட்ட எட்டுக் கட்டம் நிகர விசைக்கு. மாணவனின் எடை 500 நியூட்டன். நிற்கும் நேரம் முழுவதும் அது அவனைக் கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. தரை அதையும் தாங்க வேண்டும். ஆகவே தரை கொடுக்கும் விசையை வரைந்தால், அதே முக்கோணம் ஒரு கட்ட உயரமுள்ள செவ்வகத்தின் மேல் உட்காரும். சிமெண்டுக்கு அந்தச் செவ்வகம் 2 கட்டம், மொத்தம் 10. மெத்தைக்கு 8 கட்டம், மொத்தம் 16. பரப்பு அதிகமாவது மெத்தைக்கு! உங்கள் படத்துக்கு நேர் எதிர். (கால் பட்ட கணத்தில் தரையின் விசை பூச்சியத்தில்தான் தொடங்கும், சட்டென்று 500இல் அல்ல. ஆனால் அந்த மூலையை எஸ்.பி.எம். நிலையில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து.) ஆகவே அச்சில் “நிகர விசை” என்று இரண்டு சொல் எழுதிவிடுங்கள். எடையை ஏன் விட்டோம் என்று துருவிக் கேட்கும் பிள்ளைக்கு அந்தச் செவ்வகத்தை வரைந்து காட்டலாம்.

முக்கோணம் ஒரு எளிமைப்படுத்தல் என்பதையும் ஓரிடத்தில் சொல்லுங்கள். உண்மையான மோதலில் கூர்மையான உச்சி வருவது அரிது, உருண்டையான மேடுதான் வரும். சைன் வளைவின் ஒரு மேட்டை எடுத்துக்கொண்டால், அதன் பரப்பு அதைச் சுற்றியுள்ள செவ்வகத்தில் ஏறக்குறைய 64 விழுக்காடு. முக்கோணத்துக்கு 50தான். ஆகவே 0.1 விநாடியில் அதே 200 வருவதற்கு, உருண்டை மேட்டுக்குச் சுமார் 3140 நியூட்டன் உச்சமே போதும். முக்கோணம் 4000 என்கிறது. பரப்பு தெரிந்து உச்சத்தைக் கேட்கும் கேள்விகளில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. “வரைபடம் முக்கோணம் எனக் கொள்க” என்று கேள்வியிலேயே போடாவிட்டால், எந்த விடையைச் சரி என்பது? வளைவைக் கொடுத்துப் பரப்பைக் கேட்டால் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள்: பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று, குறைந்தால் விட்டுவிடு.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகும் முன் இரண்டு வரைபடங்களையும் கட்டத்தாளில் மாற்றி வரைந்து, எட்டெட்டுக் கட்டம் வருகிறதா என்று ஒருவர் எண்ணிப் பார்த்துவிட்டால் போதும். ஆளில்லை என்றால் நானே வரைந்து அனுப்புகிறேன். அப்புறம் ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே மாணவன் சிமெண்டில் நிற்காமல் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மேலே துள்ளினால் நிகர விசைக்கு எத்தனை கட்டம்? விடை பத்து. ஆறு என்று சொல்பவர்கள் திசையை மறந்துவிட்டார்கள் என்று பொருள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
பட்டர்வொர்த்