சோடியத்துக்கு அருகில் உப்பின் அளவையும் அச்சிடுங்கள்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை வழங்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மருத்துவர் நோயாளியிடம் "ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம்" என்கிறார். நோயாளி கடையில் எடுக்கும் பொட்டலத்திலோ உப்பு என்ற சொல்லே ஊட்டச்சத்து அட்டவணையில் இல்லை; சோடியம் என்ற பெயரும் மில்லிகிராமில் ஓர் எண்ணும்தான் இருக்கின்றன. இந்த இரண்டையும் இணைக்கும் கணக்கை அவரே போட்டுக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டோம்.

ஊறுகாயை எடுத்துக்கொள்வோம். ஒரு புட்டியின் அட்டவணையில் 100 கிராமுக்கு 4,800 மில்லிகிராம் சோடியம் என்றும், ஒரு வேளைக்கான அளவு 15 கிராம் என்றும் போட்டிருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் அந்த 15 கிராமில் 720 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இதைப் பார்ப்பவர்களில் பலர் ஆயிரத்தால் வகுத்து, "முக்கால் கிராம்கூட இல்லை" என்று நிம்மதி அடைகிறார்கள். அவர்கள் வகுத்தது சரி. ஆனால் கிடைத்த 0.72 கிராம் சோடியத்தின் எடையே தவிர, உப்பின் எடை அல்ல. சாப்பாட்டு உப்பில் சோடியத்தோடு குளோரினும் சேர்ந்திருக்கிறது. சோடியம் 23 பங்கு என்றால் குளோரின் 35.5 பங்கு, ஆகவே உப்பின் மொத்த எடை, அதிலுள்ள சோடியத்தின் எடையைப்போல் ஏறத்தாழ 2.54 மடங்கு. வழக்கத்தில் இதை 2.5 என்று வைத்துக்கொண்டால் போதும். 0.72ஐ 2.5 ஆல் பெருக்கினால் 1.8 கிராம் உப்பு என்று வருகிறது. நாள் முழுவதற்குமான 5 கிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒரே வேளையில் தொட்டுக்கொண்ட ஊறுகாயிலேயே போய்விடுகிறது.

காகிதமும் பேனாவும் இல்லாமல் கடையிலேயே பார்க்க விரும்புபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மில்லிகிராமில் உள்ள சோடியத்தை 400 ஆல் வகுத்தால் கிராமில் உப்பு கிடைத்துவிடும். 720ஐ 400 ஆல் வகுத்தாலும் அதே 1.8தான். கணக்கு சரிதானா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் என்பதை அடிப்படையாகக் கொண்டு, ஒரு வேளை அளவு அதில் எத்தனை சதவீதம் என்று அச்சிடும்படி உங்கள் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் கேட்கின்றன. நமது ஊறுகாய்க்கு அது 36 சதவீதம். 5 கிராமில் 1.8 கிராமும் 36 சதவீதமே. சோடியத்தின் எடையை உப்பென்று எண்ணியவருக்கு 14 சதவீதம்தான் வரும். அந்த வேறுபாடே தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்தச் சதவீதம் எதன் சதவீதம் என்று புரிந்து படிப்பவர்களை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது எதிர்த்திசையில் நேரும் குழப்பம். மருத்துவர் சொன்ன 5 கிராமை மனத்தில் வைத்துக்கொண்டு, பொட்டலங்களிலுள்ள சோடியத்தைக் கூட்டி, 5,000 மில்லிகிராம் வரை போகலாம் என்று நினைப்பவர் உண்மையில் பன்னிரண்டரை கிராம் உப்புக்குச் சமமானதை உட்கொள்கிறார். கவனமாகக் கணக்கு வைப்பவரே இப்படி மாட்டிக்கொள்கிறார் என்பதுதான் வேதனை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிமுறை, சோடியத்தை 2.5 ஆல் பெருக்கி உப்பு என்றே கிராமில் அச்சிடச் சொல்கிறது. ஜப்பானிலும் உப்புக்கு நிகரான அளவு கிராமில் தரப்படுகிறது. நாமும் சோடியத்தின் வரியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே "உப்புக்கு நிகரான அளவு, கிராமில்" என்ற ஒரு வரியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

"நிகரான" என்ற சொல்லைக் காரணத்தோடுதான் கேட்கிறேன். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. ரொட்டி வகைகளில் சமையல் சோடாவும், சுவையூட்டி சேர்த்த பண்டங்களில் மோனோசோடியம் குளூட்டமேட்டும் இருக்கலாம். இவற்றிலுள்ள சோடியமும் அட்டவணையின் எண்ணுக்குள் அடக்கம். எனவே பெருக்கி வரும் கிராம், தயாரிப்பாளர் உண்மையில் போட்ட உப்பின் எடையாக இருக்க வேண்டியதில்லை. உப்பே சேர்க்காத பாலிலும் இயல்பாகச் சிறிது சோடியம் உண்டு, அத்தகைய பொருள்களில் "உப்பு சேர்க்கப்படவில்லை, இது இயல்பான சோடியம்" என்று குறிப்பிட அனுமதிக்கலாம்.

இன்னொன்று: அந்தப் புதிய வரி 100 கிராமுக்கு மட்டும் என்று நின்றுவிடக் கூடாது, ஒரு வேளை அளவுக்கும் தனியே இருக்க வேண்டும். ஊறுகாயை யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. அதனால் 12 கிராம் உப்பு என்று மட்டும் அச்சிட்டால் தனக்குச் சம்பந்தமில்லாத எண் என்று படிப்பவர் ஒதுக்கிவிடுவார். ஒரே தடவையில் தின்று முடிக்கும் சிறு பொட்டலங்களுக்கோ, முழுப் பொட்டலத்துக்குமான உப்பையே முன்பக்கத்தில் கிராமில் அச்சிடச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உணவு ஆலோசகர் ஒருவர்